போனவருக்கும் கட்டணம்

பன்னிரண்டு பேர் வேலை பார்த்த அலுவலகத்தில் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 365-இல் அவர்களுடைய கணக்கை அன்றே நீக்கியாயிற்று. ஆனாலும் அடுத்த பில் 12 பேருக்கே வருகிறது. காரணம், கணக்கை நீக்கினால் லைசென்ஸ் காலியாகுமே தவிர, வாங்கிய எண்ணிக்கை குறையாது.

அதைத் தனியாகக் குறைக்க வேண்டும். நிர்வாகி Billing > Your products பக்கத்தில் சந்தாவைத் திறந்து, Remove licenses மூலம் எண்ணிக்கையை 10 ஆக்க வேண்டும். வாங்கிய எண்ணிக்கையும் ஒதுக்கிய எண்ணிக்கையும் அங்கேயே தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வீண்செலவு.

ஆண்டு ஒப்பந்தமாக இருந்தால் இடையில் குறைப்பது கடினம். சந்தா தொடங்கிய அல்லது புதுப்பித்த முதல் ஏழு நாட்களில் குறைக்கலாம். தவறினால் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை, புதிதாகச் சேருபவருக்கு அந்தக் காலி லைசென்ஸையே கொடுங்கள்.