அட்வான்ஸில் எவ்வளவு திரும்பி வரும்?

வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் போனால் சுவரிலும் மின்கம்பத்திலும் பிஜி விளம்பரம் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஏசி, வைஃபை, வீட்டுச் சாப்பாடு, கூடவே ஒரு போன் நம்பர். கூப்பிட்டால் வாடகையையும் அட்வான்ஸையும் உடனே சொல்லிவிடுவார்கள். காலி செய்யும்போது அந்த அட்வான்ஸில் எவ்வளவு கைக்கு வரும் என்று அப்போது யாரும் கேட்பதில்லை. ஓனரும் தானாகச் சொல்வதில்லை. ஆறேழு மாதம் சுமுகமாகப் போன உறவு கடைசி வாரத்தில் முறிவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

சொந்த வீட்டின் மாடியில் நாலைந்து பேரைச் சேர்த்து பிஜி நடத்துபவர்களுக்காகவும், அங்கே தங்கப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு நிபந்தனைக்கும் பின்னால் ஒரு செலவோ சிரமமோ இருக்கும். அது என்ன என்று சொல்ல முடிந்தால் அந்த நிபந்தனை நிற்கும், சொல்ல முடியாவிட்டால் அதை எடுத்துவிடலாம். ஒருவரைக் கட்டுப்படுத்தும் கெடு மற்றவரையும் கட்டுப்படுத்த வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாடியில் மூன்று அறை, அறைக்கு இரண்டு பேர், எல்லோரும் வேலைக்குப் போகும் பெண்கள். ஆளுக்கு மாதம் 9,500 ரூபாய். இந்தத் தொகையை மொத்தமாகச் சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம், பின்னால் வரும் குழப்பத்துக்கும் அதுவே வேர். பிரித்து எழுத வேண்டும்: படுக்கைக்கு 6,000, சாப்பாட்டுக்கு 3,000, தண்ணீர், வைஃபை, கூட்டிப் பெருக்கும் ஆள் ஆகியவற்றுக்கு 500. ஏசிக்கு அறையில் சப் மீட்டர், ஓடிய யூனிட்டுக்குத் தனிக் காசு. இப்படிப் பிரித்துவிட்டால் படுக்கைக்கு நாளொன்றுக்கு 200, சாப்பாட்டுக்கு 100 என்ற கணக்கு தானாக வந்துவிடும். மீதிக் கேள்விகளில் பலவற்றுக்கு இந்த இரண்டு எண்களே விடை சொல்லும்.

அட்வான்ஸ் ஒரு மாதத் தொகை, அதாவது 9,500. நோட்டீஸ் 30 நாள். இதற்குக் காரணம் இருக்கிறது: திடீரென்று ஒருவர் கிளம்பினால் அந்தப் படுக்கைக்கு ஆள் தேட ஓனருக்கு அவகாசம் வேண்டும். ஆனால் பல வீடுகளில் இதோடு ஒரு வால் ஒட்டியிருக்கும்: நோட்டீஸை மாதம் முதல் தேதியில்தான் கொடுக்க வேண்டும். 12-ஆம் தேதி சொன்னால் அது அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சொன்னதாகக் கொள்ளப்படும். 30 நாள் நோட்டீஸ் இப்படித்தான் ஓசையில்லாமல் ஐம்பது நாள் ஆகிறது. அதோடு 'பராமரிப்புக் கழிவு' என்று ஆயிரமோ இரண்டாயிரமோ பிடித்துக்கொள்வார்கள். எதைப் பராமரித்தார்கள் என்பதற்கு பில் இருக்காது.

அந்த மாடியில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு பெங்களூருக்கு மாற்றல் வருகிறது. மார்ச் 12 அன்று ஓனருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்: "ஆன்ட்டி, நான் 31-ஆம் தேதி காலி பண்றேன்." மார்ச் மாதப் பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. முதல் தேதி வழக்கம் உள்ள வீடாக இருந்தால் ஏப்ரல் முழுவதற்கும் அவர் கடன்பட்டவர், அட்வான்ஸ் மொத்தமும் போய்விடும். சொன்ன நாளிலிருந்தே எண்ணும் வீட்டில் நோட்டீஸ் ஏப்ரல் 11 அன்று முடிகிறது. அவர் இல்லாத 11 நாளுக்குப் படுக்கைக் காசு 2,200 ரூபாய். சாப்பாட்டுக் காசு கிடையாது, ஏனென்றால் அவருக்காக அரிசி வேகப் போவதில்லை.

இன்னும் ஒரு படி இருக்கிறது. ஏப்ரல் 6 அன்று அந்தப் படுக்கைக்குப் புதிய ஆள் வந்துவிட்டார் என்றால் ஓனரின் நஷ்டம் 5 நாள்தான். ஒரே படுக்கைக்கு இரண்டு பேரிடம் காசு வாங்கக் கூடாது. ஆக 1,000 ரூபாய். ஏசி மீட்டர் பாக்கி 340. அலமாரிச் சாவி தொலைந்து பூட்டு மாற்றியதற்கு பில்லோடு 250. மொத்தம் 1,590 போக 7,910 ரூபாய் திரும்பி வரும். சுவரில் மங்கிய பெயின்ட், நைந்த மெத்தை விரிப்பு இவையெல்லாம் ஆள் குடியிருந்ததால் வரும் தேய்மானம். அதற்குத்தான் மாதா மாதம் வாடகை வாங்கினோம்.

இந்தக் கணக்கு ஓனரின் பெருந்தன்மையை நம்பி நிற்பதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று ஒரு தொகையை முன்பே எழுதி வைத்திருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் குடியிருப்புக்கான அட்வான்ஸை மூன்று மாத வாடகையோடு நிறுத்த முயல்கிறது. ஆனால் பிஜியில் வீடும் சாவியும் ஓனர் கையிலேயே இருப்பதால் அதைப் பெரும்பாலும் குடித்தனமாகப் பார்ப்பதில்லை, தங்குவதற்கான அனுமதியாகவே பார்க்கிறார்கள். வாடகைச் சட்டம் காப்பாற்றும் என்று இருக்க முடியாது என்பதால்தான் அந்த ஒரு பக்கக் காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு.

சாப்பாட்டில் வரும் தகராறு வேறு மாதிரி. பொங்கலுக்கு ஆறு நாள் ஊருக்குப் போய் வந்தவர், "நான்தான் சாப்பிடவே இல்லையே, அந்தக் காசு?" என்று கேட்பார். சமைக்கும் அக்காவின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது புரியும். இரவு ஒன்பது மணிக்கு அவர் மாவு எடுத்து வைத்துவிடுகிறார், மறுநாள் சாம்பாருக்குப் பருப்பு அளக்கிறார். அதற்கு முன்னால் "நாளைக்கு நான் இல்லை அக்கா" என்று சொன்னால் ஓர் ஆள் கணக்கு குறையும். காலையில் சொன்னால் அந்த இட்லி வெந்தாகிவிட்டது. அக்காவின் சம்பளமும் கேஸும் ஓர் ஆள் இல்லாததால் குறைவதில்லை. நாளுக்கு 100 ரூபாயில் மளிகை, காய்கறி, பால் 60 என்றால் திருப்பித் தரக்கூடியது அந்த 60 மட்டும்தான்.

அதனால் நிபந்தனையை இப்படி எழுதலாம்: தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் ஊரில் இல்லை என்று முந்தின நாள் இரவு 9 மணிக்குள் சொன்னால் நாளுக்கு 60 ரூபாய் அடுத்த மாதத்தில் கழியும். பொங்கலுக்குப் போனவருக்கு 360. சனி, ஞாயிறு மட்டும் போய் வந்தால் கழிவு இல்லை. மறுபக்கமும் எழுத வேண்டும், இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்: அக்கா லீவு போட்டு அடுப்பு எரியாத நாளில் ஓனர் வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்துத் தர வேண்டும், இல்லையென்றால் அன்றைய 100 ரூபாயை முழுதாகக் கழிக்க வேண்டும். அசைவம் உண்டா, வெளியிலிருந்து வாங்கி வந்து அறையில் சாப்பிடலாமா என்பதை அட்வான்ஸ் வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். இது வீட்டுக்காரர் விருப்பம், எப்படி இருந்தாலும் தவறில்லை. காசு வாங்கிய பிறகு சொல்வதுதான் தவறு. இண்டக்ஷன் அடுப்புக்குத் தடை என்றால் பழைய ஒயரிங் அந்த லோடைத் தாங்காது என்ற காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். காரணம் தெரிந்தால் ஒளித்து வைத்து உபயோகிக்கும் ஆசை குறையும்.

கேட் மூடும் நேரத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. தங்குபவர்கள் எல்லோரும் பதினெட்டு வயது தாண்டியவர்கள், சம்பாதிப்பவர்கள். அவர்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்று தீர்மானிப்பது ஓனரின் வேலை இல்லை. கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவது என்பது அவர் வேலை, ஏனென்றால் கீழே தூங்குவது அவர் குடும்பம், எழுந்து வந்து திறப்பதும் அவர்தான். பத்தரைக்குக் கேட் பூட்டப்படும், அதற்கு மேல் ஆகும் என்றால் ஒன்பதரைக்குள் ஒரு மெசேஜ், நைட் ஷிஃப்ட் உள்ளவர்களுக்கு கையெழுத்து வாங்கிக்கொண்டு தனிச் சாவி என்று எழுதினால் இரண்டு பேர் தேவையும் அதில் அடங்கும்.

நேரமாகிவிட்டது என்று திறக்காமல் வெளியே நிறுத்தி வைக்கும் வீடுகளும் இருக்கின்றன. பாதுகாப்புக்காக என்று சொல்லிப் போட்ட நிபந்தனை ஒரு பெண்ணை நள்ளிரவில் தெருவில் நிறுத்துகிறது என்றால் அதற்கு எந்த நியாயமும் இல்லை. கேட் எப்போதும் திறக்கப்படும் என்ற வரி காகிதத்தில் இருக்க வேண்டும். சொல்லாமல் திரும்பத் திரும்ப தாமதமானால் அதற்குப் பதில் 30 நாள் நோட்டீஸ்தான். அபராதமும் வேண்டாம், ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டு "உங்க பொண்ணு பதினோரு மணிக்குத்தான் வந்தா" என்று சொல்வதும் வேண்டாம். சேரும்போது வாங்கிய அவசர நம்பர் உடம்பு சரியில்லாதபோதும், ஆளை எட்டவே முடியாதபோதும் கூப்பிடுவதற்கு.

பார்க்க வருபவர்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. நண்பர்கள் எட்டு மணி வரை கீழ் ஹாலில். அறையில் இன்னொருவரும் தங்கியிருக்கிறார் என்பதால் அவர் சம்மதம் இல்லாமல் மேலே யாரும் வேண்டாம். அம்மாவோ தங்கையோ இரவு தங்கினால் சாப்பாட்டோடு இவ்வளவு, அதிகபட்சம் இரண்டு இரவு என்று தொகையை எழுதிவிட்டால் போதும். பெட்டி தூக்கி வரும் அப்பாவை மாடிப்படியில் தடுப்பது மட்டும் வேண்டாம்.

இவ்வளவும் ஒரே பக்கத்தில், தமிழில் அடங்கும். இரண்டு பிரதி, இரண்டிலும் இருவர் கையெழுத்து. சேரும் அன்று சுவர், மெத்தை, அலமாரி, குளியலறைக் குழாய், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் இருவருமாக நின்று போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளுங்கள், தேதியோடு பதிவாகிவிடும். அட்வான்ஸுக்குத் தனி ரசீது வாங்குங்கள். பெண்களுக்கான விடுதி நடத்துபவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று பெண்கள் விடுதிகளைப் பதிவு செய்யச் சொல்கிறது. உங்கள் வீடு அதில் வருமா என்பதை ஆள் சேர்க்கும் முன்பே மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தங்க வருபவர்களும் அந்தப் பதிவைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

கடைசியாக ஓனர் தரும் நோட்டீஸ். மகனுக்குக் கல்யாணம், மாடி வேண்டும் என்றால் அதற்கும் அதே 30 நாள். வாடகை கூட்டுவதற்கும் 30 நாள். அதற்குள் அந்தப் பெண் வேறு இடம் பார்த்து 18-ஆம் நாளே கிளம்பிவிட்டால் அந்த நாள் வரைக்கும் மட்டுமே காசு, மீதி அட்வான்ஸோடு திரும்ப வேண்டும். திருட்டு, கைகலப்பு என்று ஏதாவது நடந்து உடனே அனுப்ப வேண்டி வந்தாலும், கொடுத்த அனுமதியை ரத்து செய்த பிறகு சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியேற நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டமே சொல்கிறது. பெட்டியை வாசலில் தூக்கி வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. பணம் திரும்பும் நாளையும் எழுதி வையுங்கள்: மீட்டர் பார்த்து, சாவி வாங்கிய அன்றே சண்டையில்லாத தொகை ஜிபேயில் போக வேண்டும். புது ஆள் வருவதைப் பொறுத்த அந்த நோட்டீஸ் நாள் தொகையை மட்டும் ஏப்ரல் 11 வரை நிறுத்தி வைத்து, 12-ஆம் தேதி கணக்கை முடித்துவிடலாம்.