அம்பைத் திருப்பினால் ஃபிரிட்ஜ் ஆகிவிடுமா?

மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகளின் தெர்மோடைனமிக்ஸ் தாளில் அடிக்கடி தலைகாட்டும் கணக்கு ஒன்று உண்டு. பார்த்தால் சாது. ஒரு செவ்வகம், நாலு மூலை, நாலு அம்புக்குறி, அவ்வளவுதான். ஆனால் அதன் கடைசி வரியில் ஒரு கண்ணி இருக்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் அதில் கால் வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கிடைக்கோட்டில் வாயுவின் கனஅளவு, நிலைக்கோட்டில் அதன் அழுத்தம். பிஸ்டன் பொருத்திய சிலிண்டருக்குள் ஹீலியம் இருக்கிறது. தொடக்கத்தில் 1 லிட்டர், 1 பார், 300 கெல்வின், அதாவது நம் அறையின் 27 டிகிரி செல்சியஸ். இந்தப் புள்ளிக்கு 'அ' என்று பெயர் வையுங்கள். பிஸ்டனை நகரவிடாமல் சூடேற்றினால் அழுத்தம் 2 பாராகும், அது 'ஆ'. பிறகு 2 பாரிலேயே 2 லிட்டராக விரியவிட்டால் 'இ'. பிஸ்டனை அங்கேயே நிறுத்திக் குளிரவைத்து 1 பாருக்கு இறக்கினால் 'ஈ'. பிறகு 1 பாரிலேயே அமுக்கிச் சுருக்கினால் மறுபடி 'அ'. கடிகார முள் சுற்றும் திசையில் ஒரு சுற்று முடிந்தது. இது இயந்திரம்.

இப்படி வரைவதால் என்ன லாபம்? கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் வாயு செய்த வேலை. விரியும்போது 2 பாரில் 1 லிட்டர் தள்ளியது, அது 200 ஜூல். சுருக்கும்போது 1 பாரில் 1 லிட்டர், நாம் திருப்பிக் கொடுத்தது 100 ஜூல். மிச்சம் 100 ஜூல். செவ்வகத்தின் பரப்பும் அதேதான். நீராவி இயந்திரம் தன் வேலையைத் தானே தாளில் கிறுக்கிக் காட்டும்படி ஜேம்ஸ் வாட்டும் அவருடைய உதவியாளர் ஜான் சதர்னும் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஒரு கருவி வைத்திருந்தார்கள். அதை வெளியே சொல்லாமல் தொழில் ரகசியமாகக் காத்தார்கள். பாடப்புத்தகத்தில் நாம் பார்க்கும் வடிவில் அந்தப் படத்தைக் கொண்டுவந்தவர் பிரான்சின் கிளாப்பேரோன், 1834இல்.

இனி வெப்பக் கணக்கு. ஹீலியத்துக்கு உள்ளாற்றல் என்பது அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கி ஒன்றரை மடங்காக்கினால் வருவது. அதன்படி 'அ' புள்ளியில் 150 ஜூல், 'ஆ'வில் 300, 'இ'யில் 600, 'ஈ'யில் 300. அ-விலிருந்து ஆ-வுக்குப் போக 150 ஜூல் வெப்பம் வேண்டும். ஆ-விலிருந்து இ-க்கு உள்ளாற்றல் 300 கூடியது, வேலை 200 ஆனது, ஆக 500. மொத்தம் உள்ளே போனது 650 ஜூல். திரும்பும் வழியில் 300, 250 என்று 550 ஜூல் வெளியேறுகிறது. 650ஐக் கொடுத்து 100 வாங்கினோம். பயனுறுதிறன் 15.4 சதவீதம்.

இங்கேயே சிலர் வழுக்குவார்கள். உள்ளே போனதிலிருந்து வெளியே வந்ததைக் கழித்து, மிஞ்சிய 100ஆல் வேலையை வகுத்து, நூறு சதவீதம் என்று எழுதி அடிக்கோடும் போடுவார்கள். அடுப்புக்கு ஊற்றிய எண்ணெய் முழுதும் செலவுதான். புகைபோக்கியில் போனதைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார். ஆகவே வகுக்க வேண்டியது 650ஆல்.

வெப்பநிலைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆ, ஈ இரண்டும் 600 கெல்வின், இ 1200. கார்னோ 1824இல் காட்டிய வழிப்படி 1200க்கும் 300க்கும் இடையே ஓடும் இயந்திரத்துக்கு எல்லை 75 சதவீதம். நமக்குக் கிடைத்தது 15. மீதி எங்கே போனது? சுற்றின் தொடக்கத்தில் 1200 கெல்வின் நெருப்பைக் கொண்டு 300 கெல்வின் வாயுவைச் சூடேற்றினோமே, அங்கே கொஞ்சம்; திரும்பும் வழியில் 1200 கெல்வின் வாயுவை 300 கெல்வின் சூழலில் குளிரவைத்தோமே, அங்கே இன்னும் அதிகம். அவ்வளவு உயரத்திலிருந்து வெப்பம் சும்மா கீழே விழுந்தது. விழும்போது எந்தச் சக்கரத்தையும் சுற்றவில்லை.

இப்போது கடைசி வரி: 'இதே சுற்றை எதிர்த்திசையில் ஓட்டினால் குளிர்பதனியாகும், அதன் செயல்திறன் குணகம் என்ன?' பிள்ளை யோசிக்காமல் அம்புகளைத் திருப்புகிறது. அ, ஈ, இ வழியாகப் போகையில் வாயு 550 ஜூல் உறிஞ்சுகிறது. செலவான வேலை 100. விடை 5.5. எண்ணளவில் பிழையே இல்லை.

ஆனால் அந்த வாயு எந்தக் குளிரில் இருந்துகொண்டு உறிஞ்சுகிறது என்று பாருங்கள். 300இல் தொடங்கி 1200 கெல்வின் வரை! தக்காளி வைத்த பெட்டி 5 டிகிரியில் இருக்கிறது, அதாவது 278 கெல்வின். சுற்று முழுதும் தேடினாலும் வாயு 300க்குக் கீழே இறங்கவே இல்லை. தக்காளியின் வெப்பம் தன்னைவிடச் சூடான வாயுவுக்குள் தானாகப் போகாது. இந்தச் சுற்றுக்கு வெப்பம் கொடுக்க வேண்டுமானால் 1200 கெல்வின் உலை வேண்டும். உலையின் வெப்பத்தை எடுத்து அறையில் கொட்டுவதற்கு 100 ஜூல் மின்சாரம் செலவு செய்கிறோம். சும்மா விட்டாலே நடக்கிற காரியம் அது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 300 கெல்வினில் எடுத்து 1200இல் விடும் குளிர்பதனிக்குக் கார்னோ அனுமதிக்கும் உச்சம், 300ஐ 900ஆல் வகுத்தால் வருவது, அதாவது மூன்றில் ஒரு பங்கு. அங்கே 5.5 வருகிறதென்றால் அது குளிர்பதனியே அல்ல.

நிஜ ஃபிரிட்ஜ் இதை எப்படிச் சமாளிக்கிறது? வாயுவோடு நிற்காமல், கொதிக்கும் திரவத்தைக் கையிலெடுக்கிறது. பழைய ஃபிரிட்ஜ்களில் இருந்த, கார் ஏசிகளில் இன்றும் காணும் ஆர்-134ஏ, 1.3 பார் அழுத்தத்தில் மைனஸ் 20 டிகிரியிலேயே கொதிக்கும். கொதித்து முடியும்வரை வெப்பநிலை ஏறாது. எவ்வளவு வெப்பம் விழுங்கினாலும் அதே மைனஸ் 20. படத்தில் அது ஒரு நீண்ட படுக்கைக் கோடு. தக்காளியைவிட அது எப்போதும் குளிர்ச்சி, அதனால் வெப்பம் தானாக வந்து சேர்கிறது. பிறகு கம்ப்ரஸர் அதைச் சுமார் 10 பாருக்கு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் அது 40 டிகிரியில் திரவமாகும். அறைக் காற்று 30 டிகிரி என்றால் பின்பக்கக் குழாயிலிருந்து வெப்பம் வெளியேற வழி கிடைத்துவிடும். அட்டவணையைப் பார்த்துக் கணக்கிட்டால், கம்ப்ரஸருக்கு எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டு, குணகம் சுமார் 3 வருகிறது. 253க்கும் 313க்கும் இடையே கார்னோ எல்லை 4.2. எல்லைக்குள் அடங்குகிறது. இது நம்பத் தக்க விடை.

செவ்வகத்தில் பழகிய கைக்கு இங்கே இன்னொரு கண்ணியும் காத்திருக்கிறது. திரவம் தலைமயிர் போன்ற கேபிலரி குழாய் வழியே 10 பாரிலிருந்து 1.3க்கு இறங்கும் பகுதியைப் புள்ளிக்கோடாகத்தான் வரைய வேண்டும். அந்த இறக்கத்தில் எந்தத் தண்டும் சுழலவில்லை, வேலை எதுவும் வெளியே வரவில்லை. அதனால் வளையத்தின் பரப்பை எண்ணி, இதுதான் கம்ப்ரஸரின் வேலை என்று எழுதினால் தப்பு. கம்ப்ரஸர் கோட்டுக்கும் அழுத்த அச்சுக்கும் நடுவில் உள்ள பரப்பைத்தான் எடுக்க வேண்டும். குளிர்பதனத் துறையினர் கனஅளவை விட்டுவிட்டு, அழுத்தத்துக்கு எதிரே என்தால்பி என்ற அளவை வைத்து வரைவதற்குக் காரணம் இதுதான். அந்தப் படத்தில் வேலையைப் பரப்பாக எண்ணவே வேண்டாம், ஸ்கேலை வைத்து நீளமாக அளந்துவிடலாம்.