தன் சர்வரே தன்னைத் தடுத்தால்

ஒரு நிறுவனத்தின் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் அட்மின், கேப்ஸ் லாக் விழுந்திருப்பதைப் பார்க்காமல் பாஸ்வேர்டை அடிக்கிறார். மூன்று முறை தவறியதும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்துவிடுகிறது. மறுபடி இணைத்து இன்னும் இரண்டு முறை தப்பாக அடிக்கிறார். அதற்கு மேல் நுழைய முயன்றால் பாஸ்வேர்டே கேட்பதில்லை. திரையில் இதுதான் வருகிறது:

```
ssh: connect to host 198.51.100.7 port 22: Connection refused
```

சர்வர் விழுந்துவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அதே சர்வரில் ஓடும் இணையதளம் பிரவுசரில் திறக்கிறது, பிங் போட்டாலும் பதில் வருகிறது. செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் எஸ்எஸ்ஹெச்சும் பாஸ்வேர்டு கேட்கிறது. அப்படியானால் சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை; ஆபீஸின் ஐபி முகவரி மட்டும் தடைப்பட்டிருக்கிறது.

தடுத்தது பெரும்பாலும் ஃபெயில்டூபேன் என்ற மென்பொருளாக இருக்கும். இது பாஸ்வேர்டு எதையும் சோதிப்பதில்லை. சர்வரின் லாகை வாசித்துக்கொண்டே இருக்கும். ஒரே முகவரியிலிருந்து 10 நிமிடத்துக்குள் 5 தோல்விகள் பதிவானால், ஃபயர்வாலில் ஒரு விதியைச் சேர்த்து அந்த முகவரியை 10 நிமிடம் தடுத்துவிடும். யாரும் மாற்றாதவரை அளவுகள் இவைதான். அதற்குத் தெரிவது முகவரி மட்டுமே, ஆள் அல்ல. ஆகவே ஒரே ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆபீஸ் முழுவதும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும். ஏற்கெனவே உள்ளே இருந்த சக ஊழியரின் எஸ்எஸ்ஹெச் திரையும் வழக்கமாக உறைந்துவிடும்.

அவசரமில்லையென்றால் ஒரு டீ குடித்துவிட்டு வருவதே நல்ல வைத்தியம். ஆனால் பல இடங்களில் தடைக் காலத்தை ஒரு நாள், ஒரு வாரம் என்று கூட்டி வைத்திருப்பார்கள். அப்போது ஹாட்ஸ்பாட் வழியாகவோ, சர்வரை வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இருக்கும் கன்சோல் வழியாகவோ உள்ளே போகலாம். கன்சோலில் எஸ்எஸ்ஹெச் கீ எடுபடாது, பாஸ்வேர்டு வேண்டும். அதை ஒட்டவும் பல நேரம் முடியாது, கையால்தான் அடிக்க வேண்டும். பக்கத்து மேஜைக்காரரின் கம்ப்யூட்டரை மட்டும் கடன் வாங்க வேண்டாம். அதில் என்ன ஓடுகிறதென்று நமக்குத் தெரியாது. வேறு வழியில் போகும்போது, சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்று எஸ்எஸ்ஹெச் எச்சரித்தால் பாஸ்வேர்டை அடிக்காமல் நின்றுவிட வேண்டும். நெட்வொர்க் மாறியதால் மட்டும் அந்த எச்சரிக்கை வராது.

உள்ளே போனதும் தடையை நீக்கத்தான் கை துடிக்கும். அதற்கு முன் லாகைப் பார்ப்பது நல்லது. டெபியன், உபுண்டு சர்வர்களில்:

```
sudo journalctl -u ssh --since "1 hour ago" | grep Failed
```

ஐந்து வரிகளிலும் நம் யூசர் பெயர், நாம் அடித்த நேரம், நம் முகவரி இருந்தால் தவறு நம்முடையது. நாம் அடிக்காத root, admin, test போன்ற பெயர்கள் அதே முகவரியிலிருந்து வந்திருந்தால் கதையே வேறு: ஆபீஸ் நெட்வொர்க்கில் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்திருக்கலாம். அப்போது தடையை நீக்குவது திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான். இன்னொன்றும் நடக்கும். தோல்விகள் ஒரே யூசர் பெயரில், கடிகாரம் வைத்தாற்போல் சீரான இடைவெளியில் வந்தால், பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு ஏதோ பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தாமல் தடையை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி விழும்.

நம் தவறுதான் என்று உறுதியானதும், யார் யார் தடைப்பட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, நம் முகவரியை மட்டும் விடுவிக்கலாம்:

```
sudo fail2ban-client status sshd
sudo fail2ban-client set sshd unbanip 203.0.113.25
```

ஃபயர்வால் விதியைக் கையால் அழிப்பவர்கள் உண்டு. அது அரைகுறை வேலை. ஃபெயில்டூபேன் தன் கணக்கில் நம்மைத் தடைப்பட்டவராகவே வைத்திருக்கும். அதை ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை. தடைப் பட்டியலைத் தன் தரவுத்தளத்திலிருந்து எடுத்து மறுபடி போட்டுவிடும். மொத்தமாக நிறுத்திவிடுவது இன்னும் மோசம். வெளியிலிருந்து பாஸ்வேர்டுகளை ஊகித்துக்கொண்டிருக்கும் ரோபோக்களுக்கும் அந்த நேரத்தில் தடை இருக்காது.

இனி இப்படி மாட்டாமலிருக்க, ஆபீஸ் முகவரியை விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். அதை `/etc/fail2ban/jail.local` கோப்பில் எழுத வேண்டும். `jail.conf`-இல் எழுதினால் அடுத்த அப்டேட்டில் அழிந்துபோகலாம்.

```
[DEFAULT]
ignoreip = 127.0.0.1/8 ::1 203.0.113.25
```

மாறாத நிலையான ஐபி இருந்தால்தான் இதைச் செய்ய வேண்டும். செல்போன் இணைப்பில் ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்வார்கள். வீட்டு பிராட்பேண்டில் நம் முகவரி நாளைக்கு வேறு யாருக்கோ போய்விடலாம். அப்படிப்பட்ட முகவரிக்கு விலக்கு கொடுத்தால், முன்பின் தெரியாத ஒருவர் எத்தனை முறை தப்பாக அடித்தாலும் ஃபெயில்டூபேன் கண்டுகொள்ளாது.