மாதம் 3,250 மட்டும்: பேனரில் இல்லாத கணக்கு

ஆயுத பூஜை நெருங்கிவிட்டால் பைக் ஷோரூம் வாசல்களில் பேனர் ஏறிவிடும். ‘20,000 கட்டினால் போதும், வண்டி உங்களுடையது. மாதம் 3,250 மட்டும். வட்டி வெறும் 10 சதவீதம்.’ இதில் எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்குகிறவருக்கு வேண்டிய கணக்கும் இதில் இல்லை.

ஒரு ஸ்கூட்டரின் ஆன்ரோடு விலை 1,10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த விலை இது. கையிலிருந்து 20,000 போக மீதி 90,000 கடன். ஃபைனான்ஸ்காரர் 10 சதவீதம் என்று சொல்வது பெரும்பாலும் ‘ஃபிளாட்’ வட்டியைத்தான். 90,000-க்கு வருடம் 9,000 என்றால் மூன்று வருடத்துக்கு 27,000. அசலோடு சேர்த்து 1,17,000. அதை 36 மாதத்துக்குப் பிரித்தால் பேனரில் உள்ள அதே 3,250 வருகிறது.

சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். சிக்கல் எங்கே என்றால், மூன்று வருடமும் நீங்கள் 90,000 பாக்கி வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு டியூவிலும் அசல் கொஞ்சம் கழிகிறது. பதினெட்டாவது டியூ கட்டி முடிக்கும்போது உண்மையான பாக்கி சுமார் 51,000தான். கடைசி மாதத்தில் மூவாயிரத்துச் சொச்சம். ஃபிளாட் கணக்கோ கடைசி மாதம் வரை முழு 90,000-க்கும் மாதம் 750 ரூபாய் வட்டி போட்டுக்கொண்டே வருகிறது. இருக்கிற பாக்கிக்கு மட்டும் வட்டி என்று வங்கிகள் போடும் முறையில் இதே கடனைக் கணக்கிட்டால், வட்டி 10 அல்ல, ஏறத்தாழ 18 சதவீதம்.

எதிர்க்கடையில் ஒரு வங்கிக்காரர் உட்கார்ந்து ‘குறையும் பாக்கிக்கு 12 சதவீதம்’ என்கிறார் என்றால், பலர் 10-ஐ விட 12 அதிகம் என்று எழுந்து வந்துவிடுவார்கள். அந்தக் கடனுக்கு மாத டியூ 2,989தான். மூன்று வருடத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேல் மிச்சம். ஆகவே சதவீதத்தைக் கேட்ட கையோடு, ஃபிளாட்டா குறையும் பாக்கியா என்று கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது சில்லறைச் செலவுகள். பிராசசிங் கட்டணம், டாக்குமெண்ட் கட்டணம், கடனுக்கென்று ஒரு இன்சூரன்ஸ். நம் கணக்கில் இவை 4,000 ரூபாய் என்று கொள்வோம். இது தனியாகப் போகும் பணம் என்பதால் வட்டியோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. சேர்த்தால் அந்த 18 சதவீதம் 21-ஐத் தாண்டிவிடும். ரொக்கமாக 1,10,000-க்குக் கிடைக்கும் வண்டிக்கு நீங்கள் மொத்தம் கொடுப்பது 1,41,000. வண்டி இன்றே கையில் இருப்பதற்கான விலை 31,000 ரூபாய். கொரியர் வேலைக்கு வண்டி வேண்டும் என்கிறவருக்கு இது நியாயமான விலையாகவே இருக்கலாம். தெரிந்து கொடுக்கிறாரா என்பதுதான் கேள்வி.

‘டியூவை இன்னும் குறைத்துத் தருகிறோம்’ என்றால் பெரும்பாலும் மாதங்களை நீட்டுகிறார்கள் என்று பொருள். இதே கடனை 48 மாதமாக்கினால் டியூ 2,625 ஆகும். மொத்த வட்டி 9,000 ரூபாய் கூடும்.

இந்தக் கணக்கையெல்லாம் ஷோரூம் மேசையில் உட்கார்ந்து போட முடியாது. போடவும் வேண்டாம். 2024 அக்டோபர் 1 முதல் வங்கியும் நிதி நிறுவனமும் புதிதாகத் தரும் தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சுருக்கமாக கே.எஃப்.எஸ். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு வரி இருக்கும். வட்டியோடு கட்டணங்களையும் இன்சூரன்ஸையும் சேர்த்த வருடாந்திர உண்மைச் செலவு அது. நம் ஸ்கூட்டருக்கு அந்த இடத்தில் 21 என்று இருக்கும், 10 அல்ல. தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. ஓராண்டு, ஈராண்டுக் கடன்களுக்கு அந்தத் தாள் குறைந்தது மூன்று வேலை நாள் செல்லும். ‘ஆஃபர் இன்று மாலையோடு சரி’ என்று அவசரப்படுத்தினாலும், தாளை வீட்டுக்கு எடுத்துவந்து இரண்டு இடத்து ஏ.பி.ஆரை ஒப்பிட்டுப் பார்க்க நேரம் இருக்கிறது.

‘வட்டியே இல்லை’ என்கிற ஆஃபருக்கு ஒரு கேள்வி போதும்: ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்? அந்தத் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடையாது என்றால், வட்டி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கடைசி டியூவோடு வேலை முடிவதில்லை. ஆர்.சி.யில் கடன் கொடுத்தவரின் பெயர் அடமானமாக ஏறியிருக்கும். என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ.வில் அதை நீக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான், வண்டியை விற்கப்போகும்போது பழைய ஃபைனான்ஸ் ஆபீசைத் தேடி அலைகிறார்கள்.