திரும்பிவந்த காசோலையும் ஒரு கடிதமும்

வாடிக்கையாளர்களிடமிருந்து பெற்ற காசோலை பணமாகாமல் திரும்பும்போது, அதைக் கொடுத்தவருக்கு எப்படி எழுதுவது என்று வணிகர்கள் எம்மிடம் கேட்பதுண்டு. கடுமையாக எழுதினால் உறவு முறியும்; தயங்கிக்கொண்டிருந்தால் சட்டம் தரும் காலம் கழியும். இரண்டையும் காக்கும் வழியை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளக்குகிறோம்.

ஸ்ரீவராகத்தில் கோயில் குளத்தருகே மளிகைக் கடை வைத்திருப்பவர் ஒருவர் என்று கொள்வோம். விருந்துச் சமையல் ஒப்பந்தக்காரர் ஒருவர் அவருக்கு ரூ.48,600-க்குக் காசோலை தந்தார். மே 12 அன்று அது 'கணக்கில் போதிய இருப்பு இல்லை' என்ற காரணத்துடன் திரும்பியது.

முதலில் அவர் பார்க்க வேண்டியது வங்கி இணைத்துத் தரும் ரிட்டர்ன் மெமோவை. எழுத்திலும் எண்ணிலும் தொகை வேறுபட்டாலோ, காசோலையின் தேதியிலிருந்து 3 மாதம் கடந்துவிட்டாலோ அது பெரும்பாலும் கவனக்குறைவே. புதிய காசோலை கேட்டு ஒரு வரி எழுதினால் போதும். இருப்பு இல்லாமை என்றால் நிலை வேறு. அங்கே 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு பொருந்தக்கூடும்.

அப்பிரிவின்படி, காசோலை திரும்பிய செய்தி வங்கியிலிருந்து கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் பணத்தைக் கோர வேண்டும். நம் கடைக்காரருக்கு அந்தக் கெடு ஜூன் 11. முதலில் தொலைபேசியில் பேசுவது நல்ல பண்பு; தவறுதலாக நேர்ந்திருந்தால் அன்றே தீர்ந்துவிடும். ஆனால் 'அடுத்த வாரம் தருகிறேன்' என்ற வாய்மொழி உறுதி 30 நாள் கணக்கை நிறுத்தாது. எனவே பேசிய மறுநாளே கடிதமும் செல்லட்டும். அதை வழக்கறிஞர்தான் எழுத வேண்டும் என்று சட்டம் கூறவில்லை.

கடிதம் இவ்வாறு அமையலாம்:

"ஐயா, வணக்கம். எங்கள் கடையில் பெற்ற சரக்குகளுக்காகத் தாங்கள் அளித்த, மே 5 தேதியிட்ட ரூ.48,600-க்கான காசோலை, கணக்கில் போதிய இருப்பு இல்லை என்ற காரணத்தால் மே 12 அன்று திரும்பிவந்தது. மெமோவின் நகலை இணைத்துள்ளோம். இது தங்கள் கவனத்திற்கு வராமல் நேர்ந்திருக்கலாம். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் ரூ.48,600-ஐ வங்கிப் பரிமாற்றமாகவோ வரைவோலையாகவோ செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் வங்கி பிடித்துக்கொண்ட கட்டணம் ரூ.118 தனி, அதையும் அனுப்பினால் நன்று. குறித்த காலத்தில் பணம் வராவிடில், சட்டப்படி மேற்கொண்டு நடவடிக்கை எடுக்கும் நிலை ஏற்படும்."

காசோலை எண்ணையும் வங்கிக் கிளையையும் இதில் சேர்த்துக்கொள்க. இக்கடிதத்தில் குற்றச்சாட்டு இல்லை. 'ஏமாற்று' என்ற சொல்லும் இல்லை. உறுதி முழுவதும் தொகையிலும் கெடுவிலும் இருக்கிறது. காசோலைத் தொகையும் கட்டணமும் தனித்தனியே நிற்பதற்கும் காரணம் உண்டு. சட்டம் கேட்கச் சொல்வது காசோலைத் தொகையையே. பழைய பாக்கி, வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டால் கோரிக்கை செல்லாமற்போகக்கூடும். தனியே பிரித்துக் காட்டினால் அந்தக் குறை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தெளிவாக்கியது.

கடிதத்தை ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில், சரியான முகவரிக்கு அனுப்ப வேண்டும். பெறுபவர் வாங்காமல் விட்டுவிட்டால் என்ன என்ற கேள்வி எழும். கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், உரிமை கோரப்படாமல் திரும்பிய அறிவிப்பும், வேறு காரணத்தைப் பெறுநர் நிரூபிக்காத வரையில், சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்றது. ஆகவே திரும்பிவந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துக.

நம் எடுத்துக்காட்டில் கடிதம் மே 18 அன்று சேர்ந்தது என்றால், ஒப்பந்தக்காரருக்கு ஜூன் 2 வரை அவகாசம் உண்டு. அதற்குள் பணம் வந்துவிட்டால் இப்பிரிவின்கீழ்க் குற்றம் இல்லை. வராவிடில், ஜூன் 3 முதல் ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தில் புகார் அளிக்கலாம்.

பதிலாக மற்றொரு காசோலை தர அவர் முன்வந்தால், பழைய காசோலையையும் மெமோவையும் உடனே திருப்பித் தர வேண்டாம். புதியது பணமாகும் வரை அவை இரண்டும் உங்கள் கையில் இருக்கட்டும்; பழைய காசோலைக்கான கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மறவாதீர்கள். அதனால்தான் மேற்கண்ட கடிதம் வங்கிப் பரிமாற்றத்தையும் வரைவோலையையும் மட்டுமே குறிப்பிடுகிறது. பணம் வந்து சேர்ந்ததும் ரசீதுடன் பழைய காசோலையைத் திருப்பிக் கொடுத்து, நன்றி சொல்லி ஒரு வரி எழுதிவிடுங்கள். அடுத்த விருந்துக்கான சரக்கும் உங்கள் கடையிலிருந்தே போகக்கூடும்.