ஒரு வகுப்பின் ஆய்வு, ஒரே போஸ்டரில்

நான்காம் வகுப்பில் 52-இல் 27 போக மீதி எவ்வளவு என்று கேட்டால், 35 என்று எழுதும் குழந்தைகள் நிறைய உண்டு. 2-இல் 7 போகாது என்பதால், 7-இல் 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, தேவைப்படும்போது ஒரு கட்டைப் பிரித்துக் கழிக்க இரண்டு வாரம் பழக்கிய ஓர் ஆசிரியை, அதை ஆசிரியர் மாநாட்டில் போஸ்டராக வைக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அனுப்ப வேண்டியது ஆய்வுச் சுருக்கம். இருநூறு சொல்லுக்குள் கேட்பார்கள். அதில் பாதியைக் கணிதத்தின் பெருமைக்குச் செலவழிப்பதுதான் வழக்கமான தவறு. 35 என்ற அந்த விடையிலிருந்தே தொடங்கலாம். அடுத்து, செய்தது என்ன, எத்தனை நாள், எப்படி அளந்தார் என்று வர வேண்டும். "முடிவுகள் விவாதிக்கப்படும்" என்று எழுதினால் தேர்வுக்குழுவுக்கு எதுவும் தெரியாது. முடிவையே எழுதுங்கள்: "வகுப்பில் 32 பேர். முன்தேர்வு, பின்தேர்வு இரண்டையும் எழுதியவர்கள் 28 பேர். ஐந்து கணக்கில் நான்கையாவது சரியாகப் போட்டவர்கள் முன்பு 11 பேர், பின்பு 21 பேர்."

இங்கே சதவீதம் வேண்டாம். இருபத்தெட்டே பேர் கொண்ட வகுப்பில் ஒரு குழந்தை மாறினாலே மூன்றரை சதவீதம் நகர்ந்துவிடும். ஒப்பிட வேறு வகுப்பும் இல்லை. ஆகவே "தீக்குச்சி முறை பலன் தருகிறது" என்று சொல்ல முடியாது. "இந்த வகுப்பில், இந்த இரண்டு வாரத்துக்குப் பின், இப்படி மாறியது" என்று மட்டுமே சொல்லலாம்.

இனி போஸ்டர். மைக் மோரிசன் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் 2019-இல் முன்வைத்த அமைப்பு இதற்குப் பொருந்தும். நடுவில் முக்கிய முடிவைப் பெரிய எழுத்தில், ஒரே வாக்கியமாக வைக்க வேண்டும். இடப்பக்கம் செய்முறை சுருக்கமாக இருக்கட்டும். வலப்பக்கம் குழந்தைகளின் விடைத்தாள்களை, பெயரை மறைத்து, முன்பும் பின்பும் என ஜோடியாக ஒட்டலாம். வருகிற ஆசிரியர்கள் வரைபடத்தைவிட அந்தக் கையெழுத்தின் முன்தான் அதிக நேரம் நிற்பார்கள்.

ஏ0 தாளில் மிகச் சிறிய எழுத்தும் 24 புள்ளிக்குக் குறையக் கூடாது. அச்சிடும் முன் ஏ4 தாளில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். எல்லாம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். அதையே கையில் வைத்துப் படிக்க முடியவில்லை என்றால், சொற்களைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள். கடைக்குக் கோப்பை PDF ஆகவே கொடுங்கள். இல்லாவிட்டால் அங்குள்ள கணினியில் எழுத்துரு மாறி, கொம்பும் காலும் இடம் பெயர்ந்துவிடும்.

பின்தேர்விலும் தேறாத 7 பேர், 402-இல் 157-ஐக் கழித்து 355 என்று எழுதியிருந்தால், அந்தத் தாளுக்கும் வலப்பக்கத்தில் இடம் கொடுங்கள். நடுவில் பூஜ்யம் வந்தால் இந்த முறை எங்கே நிற்கிறது என்பதைத்தான் மற்ற ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டு போவார்கள்.