டியூஷன் காசும் குரூப் 4 பாடமும்

குரூப் 4 தேர்வுக்கு முழுநேரமாகப் படிப்பவர் கைச்செலவுக்கு ஒரு வேலை பார்க்கிறார் என்றால், அது பாடத்தோடு ஒட்டியதாக இருப்பது நல்லது. அந்த வகையில் மாலை டியூஷன் வசதியானது. தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ், 25 கணக்கும் திறனறிவும். இவற்றுக்கு அடிப்படை பள்ளிப் பாடநூல்கள்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட்டுவட்டி சொல்லித்தரும்போது நமக்கும் அது திருப்புதல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளால் காசு வரும், பாடம் வராது.

ஐந்து பிள்ளைகள், தலைக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000. நாளுக்கு ஒன்றரை மணி நேரம், 26 நாள் என்றால் 39 மணி நேரம். மணிக்கு 51 ரூபாய். வீடு தேடிப் போய் வர தினமும் ஒரு மணி நேரம் கழிந்தால் மொத்தம் 65 மணி நேரம். கூலி 31 ரூபாயாக இறங்கிவிடும், பெட்ரோல் தனி. அதனால் பிள்ளைகள் நம் வீட்டுத் திண்ணைக்கு வருவதே லாபம்.

சிக்கல் வருவது மார்ச்சில். "பரீட்சை வரைக்கும் இன்னும் ஒரு மணி நேரம் பார்த்துக்குங்க தம்பி" என்பார்கள். சம்பளம் மட்டும் அதேதான். சேர்க்கும்போதே முடியும் நேரத்தைச் சொல்லிவிட வேண்டும். மே மாதத்தில் வருமானம் நின்றுவிடும், அதற்கும் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும்.

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, முதலில் டெபாசிட் கட்டுங்கள் என்று வரும் அழைப்பா? போனை வைத்துவிடலாம்.